சரிவு மனையைச் சமப்படுத்த எவ்வளவு மண்? கட்டம் போட்டு வெட்டும் நிரப்பும் கணக்கிடும் முறை

சரிவான மனையைப் பார்த்ததும் பலரும் சொல்வது, "மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டால் சரியாகிவிடும்" என்பதுதான். அது சரிதான். ஆனால் எந்த மட்டத்துக்கு வெட்டுவது? அந்த ஒரு எண்ணைக் கண்மதிப்பில் முடிவு செய்தால், ஜேசிபி வேலை முடிந்து போன பிறகு ஒரு மூலையில் மண் குவிந்து கிடக்கும், அல்லது நான்கு லோடு கிராவல் வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கும். மனையில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் உயரம் எடுத்து, அந்த எண்ணைக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கலாம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

எடுத்துக்காட்டாக ஒரு மனையை வைத்துக்கொள்வோம். கிழக்கு மேற்காக 30 மீட்டர், வடக்கு தெற்காக 20 மீட்டர். பரப்பு 600 சதுர மீட்டர், ஏறத்தாழ 15 சென்ட். வடமேற்கு மூலை மேடு, தென்கிழக்கு மூலை பள்ளம். இந்த மனையில் ஒரு எண்ணை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: மட்டம் ஒரு சென்டிமீட்டர் மாறினால் 600 × 0.01 = 6 கன மீட்டர் மண் மாறும். தமிழ்நாட்டில் மண்ணை யூனிட் கணக்கில் வாங்கி விற்கிறோம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக ஒரு சென்டிமீட்டர் பிழைக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல். கீழே வரும் ஒவ்வொரு எச்சரிக்கையையும் இந்த அளவுகோலால் எடை போடலாம்.

முதலில் மேல்மண்ணை வழித்தெடுங்கள்

அளவு எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. புல், வேர், மட்கு கலந்த மேல்மண்ணைக் கட்டடத்தின் அடியில் நிரப்பாகப் போடக் கூடாது. வேர் மட்கியதும் உள்ளே வெற்றிடம் விழும், தரை இறங்கும். வழக்கமாக 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வழித்து, தோட்டத்துக்கென்று ஒரு ஓரமாகக் குவித்து வைப்பார்கள்.

இதில் கணக்குக்கு என்ன வேலை என்றால், 600 × 0.15 = 90 கன மீட்டர். இந்த மனையின் மொத்த வெட்டே கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதைக் கீழே பார்ப்பீர்கள். மேல்மண் இருக்கும்போது உயரம் எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு வழித்துத் தள்ளினால், 90 கன மீட்டர், அதாவது 32 யூனிட் மண் குறையும். ஆகவே வழித்த பிறகு அளவெடுங்கள். அது முடியாதென்றால், எடுத்த ஒவ்வொரு உயரத்திலிருந்தும் 0.15 மீட்டரைக் கழித்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

கட்டம் போடுதல்

ஒரு நேரான எல்லைக்கோட்டை அடிக்கோடாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து 3-4-5 பிடித்து மூலைமட்டம் எடுங்கள். சின்ன முக்கோணமாகப் பிடித்தால் பிழை பெரிதாகும். 6-8-10 மீட்டராகப் பிடியுங்கள். 10 மீட்டருக்கு ஒரு முளை. நமது மனையில் நீளவாக்கில் நான்கு, அகலவாக்கில் மூன்று, மொத்தம் 12 முளைகள், 6 கட்டங்கள். வடக்கு வரிசையை அ, நடு வரிசையை ஆ, தெற்கு வரிசையை இ என்றும், மேற்கிலிருந்து கிழக்காக 1 முதல் 4 வரை என்றும் பெயரிடுவோம். வடமேற்கு மூலை அ1, தென்கிழக்கு மூலை இ4.

முளையடித்து முடிந்ததும் மூலைவிட்டத்தை டேப்பால் சரிபாருங்கள். முழு மனைக்கு 36.06 மீட்டர், ஒரு கட்டத்துக்கு 14.14 மீட்டர். இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றாக இல்லையென்றால் கட்டம் சாய்ந்திருக்கிறது.

10 மீட்டர் இடைவெளி போதுமா? இரண்டு முளைகளுக்கு இடையே தரை ஒரே சரிவாகப் போகிறது என்றே இந்த முறை எடுத்துக்கொள்கிறது. நடுவில் ஒரு மேடு இருந்து, நான்கு மூலையிலும் அது தெரியவில்லை என்றால், கணக்கில் அந்த மேடே இல்லை. அரை மீட்டர் உயரம், அடியில் 6 மீட்டர் விட்டமுள்ள ஒரு கூம்பு மேட்டில் ஏறத்தாழ 4.7 கன மீட்டர் மண் இருக்கும். ஆகவே முளையடித்த பிறகு மனையை ஒரு முறை நடந்து பாருங்கள். சரிவு உடையும் இடம், பழைய வரப்பு, மூடிய கிணறு, குப்பைக்குழி எங்கே இருக்கிறதோ அங்கே கட்டத்தை 5 மீட்டராகப் பிரியுங்கள். மனை முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சின்னக் கட்டங்களைத் தனியாக, அவற்றுக்கு உரிய பரப்போடு கணக்கிட வேண்டும்.

உயரம் எடுத்தல்

ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியும், ஸ்டாஃப் என்ற நீளமான அளவுகோலும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். அசையாத ஒரு இடத்தை பெஞ்ச் மார்க்காகத் தேர்ந்தெடுங்கள்: பக்கத்துக் கட்டடத்தின் படி, சாலையோரப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் போன்றவை. வேலை முடியும்வரை ஜேசிபியோ லாரியோ அதன் மேல் ஏறக் கூடாது. அதற்கு 100.000 மீட்டர் என்று நாமே மதிப்பு கொடுத்துக்கொள்ளலாம். கடல்மட்டம் தெரிய வேண்டியதில்லை, வித்தியாசம்தான் வேண்டும். 0.000 என்று வைக்காமல் 100 வைப்பது, பள்ளமான இடங்களில் கழித்தல் குறி வந்து குழப்பாமல் இருக்கத்தான்.

கருவியை மனையின் நடுவாக்கில் வையுங்கள். எல்லாப் புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருந்தால், கருவியின் பார்வைக்கோட்டில் சிறு சாய்வு இருந்தாலும் எல்லா அளவிலும் ஒரே அளவாக விழுந்து, கழிக்கும்போது போய்விடும். பெஞ்ச் மார்க்கில் ஸ்டாஃபை நிறுத்திப் படிக்கிறோம்: 2.350. அப்படியென்றால் கருவியின் பார்வைக்கோடு 102.350-இல் இருக்கிறது. இனி எந்தப் புள்ளியில் ஸ்டாஃபைப் படித்தாலும், அந்த எண்ணை 102.350-இலிருந்து கழித்தால் அந்த இடத்தின் உயரம், அதாவது ஆர்.எல்., கிடைக்கும்.

```
ஸ்டாஃப் அளவு (மீட்டர்)
        1       2       3       4
அ    0.750   0.900   1.150   1.300
ஆ    1.250   1.450   1.600   1.850
இ    1.800   1.950   2.150   2.650

தரையின் ஆர்.எல்.
        1       2       3       4
அ   101.60  101.45  101.20  101.05
ஆ   101.10  100.90  100.75  100.50
இ   100.55  100.40  100.20   99.70
```

புதியவர்கள் இங்கே தடுக்கும் இடம் இதுதான்: ஸ்டாஃபில் எண் பெரிதானால் தரை தாழ்வு. மேட்டில் 0.750, பள்ளத்தில் 2.650. எழுதும்போதே தரையைப் பார்த்துக்கொண்டு எழுதினால் தலைகீழாக எழுதிய அளவு உடனே கண்ணில் படும்.

இன்னும் மூன்று விஷயங்களில் தவறு வரும். ஸ்டாஃபை முளையின் தலையில் வைத்துவிடுவார்கள்; பக்கத்துத் தரையில் வைக்க வேண்டும். தரையிலும் மாட்டுக் குளம்பின் தடத்திலோ மண்கட்டியின் மேலோ வைக்காமல் சராசரியான இடமாகப் பாருங்கள். இரண்டாவது, ஸ்டாஃப் நேராக நிற்காமல் முன்னோ பின்னோ சாய்ந்தால் அளவு கூடும். பிடிப்பவரை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லி, தெரியும் மிகக் குறைந்த எண்ணை எழுதுங்கள். மூன்றாவது, இழுத்து நீட்டும் ஸ்டாஃபில் ஒரு பகுதி பூட்டு விழாமல் உள்ளிறங்கி நிற்பது. ஒரே ஒரு புள்ளி அக்கம்பக்கத்துக்குப் பொருந்தாமல் துள்ளினால் முதலில் அந்தப் பூட்டைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் கருவியை எடுப்பதற்கு முன் மறுபடி பெஞ்ச் மார்க்கைப் படியுங்கள். 2.350 வர வேண்டும். 5 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம், அது 3 கன மீட்டர்தான். 2 சென்டிமீட்டர் என்றால் நடுவில் கருவியின் கால் இறங்கியிருக்கிறது அல்லது யாரோ இடித்திருக்கிறார்கள். முழுவதையும் திரும்ப எடுப்பதுதான் வழி.

ஆட்டோ லெவல் கிடைக்காவிட்டால் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலாலும் செய்யலாம். இந்த அளவு மனைக்கு அது போதும். குழாயில் காற்றுக்குமிழி ஒன்று மாட்டியிருந்தாலும் மட்டம் தவறும். தொடங்குமுன் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

வெட்டும் நிரப்பும் சமமாகும் மட்டம்

பன்னிரண்டு உயரத்தையும் கூட்டி 12-ஆல் வகுத்தால் 100.783 வரும். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இது தவறு. இ4 ஒரே ஒரு கட்டத்தைத்தான் தொடுகிறது. அ2 இரண்டு கட்டங்களுக்குப் பொது. ஆ2 நான்கு கட்டங்களுக்குப் பொது. நான்கு கட்டங்களில் வேலை செய்யும் உயரத்துக்கும் ஒரே கட்டத்தில் வேலை செய்யும் உயரத்துக்கும் ஒரே பங்கு கொடுக்கக் கூடாது. எத்தனை கட்டத்தைத் தொடுகிறதோ அத்தனை முறை அந்த உயரத்தைக் கூட்ட வேண்டும்.

100-ஐ விட்டுவிட்டு மீதியை மட்டும் கூட்டலாம், எண்கள் சின்னதாகும். மனையின் நான்கு மூலைகள் (1.60, 1.05, 0.55, −0.30) சேர்ந்து 2.90, பங்கு 1. ஓரத்தில் உள்ள ஆறு புள்ளிகள் (1.45, 1.20, 1.10, 0.50, 0.40, 0.20) சேர்ந்து 4.85, இரண்டால் பெருக்க 9.70. உள்ளே இருக்கும் இரண்டு (0.90, 0.75) சேர்ந்து 1.65, நான்கால் பெருக்க 6.60. மொத்தம் 19.20. பங்குகளின் கூட்டுத்தொகை 4 + 12 + 8 = 24. 19.20 ÷ 24 = 0.80. சமமாகும் மட்டம் 100.80.

சாதாரணச் சராசரியோடு வித்தியாசம் 1.7 சென்டிமீட்டர் மட்டுமே. ஆனால் அது 10 கன மீட்டர், மூன்றரை யூனிட். பள்ளமான மூலைக்குத் தகுதிக்கு மீறிய பங்கு கொடுத்ததால் சராசரி தாழ்ந்து, 10 கன மீட்டர் மண் மிஞ்சியிருக்கும்.

மனை செவ்வகமாக இல்லாமல் ஒரு மூலை உள்வாங்கி இருந்தால், அந்த உள்மூலை மூன்று கட்டங்களைத் தொடும், பங்கு 3. எல்லை சாய்வாக வெட்டி ஓரத்தில் முக்கோணம் மிஞ்சினால், அதைத் தனியாக எடுத்து மூன்று உயரங்களின் சராசரியை அதன் பரப்பால் பெருக்குங்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு

தரை ஆர்.எல்.-இலிருந்து 100.80-ஐக் கழியுங்கள். கூட்டல் குறி வந்தால் அங்கே வெட்டு, கழித்தல் குறி வந்தால் நிரப்பு.

```
        1       2       3       4
அ   +0.80   +0.65   +0.40   +0.25
ஆ   +0.30   +0.10   −0.05   −0.30
இ   −0.25   −0.40   −0.60   −1.10
```

வடமேற்குக் கட்டத்தின் நான்கு மூலையும் வெட்டு: 0.80, 0.65, 0.30, 0.10. சராசரி 0.4625, பரப்பு 100 சதுர மீட்டர், ஆக 46.25 கன மீட்டர் வெட்டு. தென்கிழக்குக் கட்டத்தில் நான்கும் நிரப்பு, அதே வழியில் 51.25 கன மீட்டர்.

நடுவில் இருக்கும் நான்கு கட்டங்களில்தான் சூட்சுமம். அவற்றில் ஒரு பக்கம் வெட்டு, மறுபக்கம் நிரப்பு. தென்மேற்குக் கட்டத்தைப் பாருங்கள்: +0.30, +0.10, −0.25, −0.40. இவற்றை அப்படியே கூட்டிச் சராசரி எடுத்தால் 6.25 கன மீட்டர் நிரப்பு என்று வரும். உண்மையில் அந்தக் கட்டத்துக்குள்ளேயே கொஞ்சம் வெட்டிக் கொஞ்சம் நிரப்புகிறோம். ஒன்றையொன்று கழித்துக்கொண்டு வித்தியாசம் மட்டுமே மிஞ்சி நிற்கிறது. இப்படி எல்லாக் கட்டங்களையும் செய்தால் மொத்த வெட்டு 81.25 என்று காட்டும். ஜேசிபி வெட்டுவது அதைவிட 7 கன மீட்டர் அதிகம். வாடகை அந்த 7-க்கும் சேர்த்துத்தான்.

இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. கட்டத்தின் வெட்டு உயரங்களின் கூட்டுத்தொகை c, நிரப்பு உயரங்களின் கூட்டுத்தொகை f (குறியை விட்டுவிடுங்கள்), கட்டத்தின் பரப்பு A என்றால்:

```
வெட்டு   = (A/4) × c² / (c + f)
நிரப்பு  = (A/4) × f² / (c + f)
```

தென்மேற்குக் கட்டத்தில் c = 0.40, f = 0.65. வெட்டு 25 × 0.16 ÷ 1.05 = 3.81. நிரப்பு 25 × 0.4225 ÷ 1.05 = 10.06. இரண்டின் வித்தியாசம் அதே 6.25. இந்த வித்தியாசம் பொருந்துகிறதா என்று பார்ப்பதே உங்கள் கணக்குக்கு நல்ல சோதனை.

```
கட்டம்              வெட்டு   நிரப்பு
வடக்கு, மேற்கு      46.25     0
வடக்கு, நடு         27.55     0.05
வடக்கு, கிழக்கு     10.56     3.06
தெற்கு, மேற்கு       3.81    10.06
தெற்கு, நடு          0.22    23.97
தெற்கு, கிழக்கு      0       51.25
மொத்தம்             88.39    88.39
```

இரண்டு பத்தியும் சமம். வரவில்லையென்றால் பெரும்பாலும் ஒரு பங்கு எண்ணைத் தவறாகக் கொடுத்திருப்பீர்கள் அல்லது ஒரு குறி மாறியிருக்கும்.

சூத்திரத்துக்கு ஒரு எல்லை உண்டு. ஒரு கட்டத்தில் எதிரெதிர் மூலைகள் இரண்டும் வெட்டாகவும் மற்ற இரண்டும் நிரப்பாகவும் வந்தால், தரை குதிரைச் சேணம் போல இருக்கிறது என்று பொருள். அங்கே இது நம்பத்தக்கதல்ல. கட்டத்தின் நடுவில் ஒரு உயரம் எடுத்து, நான்கு முக்கோணங்களாகப் பிரித்துக் கணக்கிடுங்கள்.

கணினியில் செய்பவர்களுக்கு: உயரங்கள் B2:E4-இலும், பங்கு எண்கள் B7:E9-இலும், வெட்டு நிரப்பு அட்டவணை B12:E14-இலும் இருக்கட்டும். முதல் வரி சமமட்டம். அடுத்த நான்கும் முதல் கட்டத்துக்கு. இவற்றை H12 முதல் K12 வரை வரிசையாகப் போடுங்கள். மற்றக் கட்டங்களுக்கு எல்லையை மாற்றிக்கொள்ள வேண்டும். முழு வெட்டு, முழு நிரப்புக் கட்டங்களுக்கும் இதே வரிகள் சரியாக வேலை செய்யும்.

```
=SUMPRODUCT(B2:E4,B7:E9)/SUM(B7:E9)
=SUMIF(B12:C13,">0")
=-SUMIF(B12:C13,"<0")
=25*H12^2/(H12+I12)
=25*I12^2/(H12+I12)
```

வெட்டிய மண் நிரப்பும்போது குறையும்

தாளில் சமம். தரையில் சமம் ஆகாது. வெட்டிய மண் உதிர்ந்து பெருகும். டிப்பரில் பார்த்தால் 100 கன மீட்டர் தரை 125 கன மீட்டராகத் தெரியும். அதே மண்ணைத் தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி இறுக்கினால், முன்பு தரையில் இருந்ததைவிடவும் இடம் குறைந்து 90 கன மீட்டர் அளவில் நிற்கும். சாதாரண மண்ணுக்கு 10 சதவீதக் குறைவு என்பது தொடக்கக் கணக்குக்கு ஏற்ற எண். மண்ணுக்கு மண் இது மாறும். பாறையை உடைத்து நிரப்பினால் குறையாது, கூடும்.

உங்கள் மண்ணுக்கு எவ்வளவு என்று தோராயமாக அறிய எளிய வழி உண்டு. மேல்மண் நீக்கிய இடத்தில் 30 × 30 × 30 சென்டிமீட்டரில் நேர் பக்கங்களாக ஒரு குழி வெட்டுங்கள். எடுத்த மண் முழுவதையும் லேசாக நனைத்து, மூன்று அடுக்குகளாகத் திமிசு போட்டு அதே குழியில் இறுக்குங்கள். மேலே 3 சென்டிமீட்டர் குறைந்தால் 10 சதவீதம்.

நமது மனையில் 88.39 கன மீட்டர் இறுகிய நிரப்பு வேண்டும் என்றால் 88.39 ÷ 0.9 = 98.2 கன மீட்டர் வெட்ட வேண்டும். கிட்டத்தட்ட 10 கன மீட்டர் குறைகிறது. வெளியிலிருந்து வாங்குவதைவிட, முழு மனையின் மட்டத்தைச் சற்று இறக்கினால் வெட்டு கூடும், நிரப்பு குறையும், இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வரும். எவ்வளவு இறக்க வேண்டும் என்பதற்கு நல்ல முதல் ஊகம்: குறையும் கன அளவை மனையின் பரப்பால் வகுங்கள். 9.8 ÷ 600 = 0.016. சுருக்கி 1.5 சென்டிமீட்டர் எடுத்து 100.785-க்குத் திரும்பக் கணக்கிட்டால் வெட்டு 93.03, நிரப்பு 84.03. வெட்டில் 90 சதவீதம் 83.73. நிரப்போடு 0.3 கன மீட்டர்தான் வித்தியாசம். இந்த மனையின் முடிவு மட்டம் 100.785.

ஒரு வேளை மனையைச் சாலையைவிட உயர்த்த வேண்டும் என்று வெளியிலிருந்து மண் வாங்கினால், இதே கணக்கு மறுபக்கமாக வேலை செய்யும். இறுகிய நிரப்பு 100 கன மீட்டர் வேண்டுமானால், தரையில் இருந்த அளவாக 111, டிப்பரில் உதிரியாக 139. யூனிட்டில் சொன்னால் 35 அல்ல, 49. "கணக்கு 35 சொன்னது, மண் போதவில்லையே" என்று சண்டை வருவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் டிப்பர்காரர் ஏமாற்றியிருக்க மாட்டார். இறுகிய அளவையும் உதிரி அளவையும் ஒன்றாக நினைத்ததுதான் காரணம்.

ஓரங்களைக் கவனியுங்கள்

இந்தக் கணக்கு, நிரப்பு எல்லைக்கோட்டில் செங்குத்தாக நிற்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. தென்கிழக்கு மூலையில் நிரப்பு ஒரு மீட்டருக்கு மேல். மண் அப்படி நிற்காது. தடுப்புச்சுவர் கட்டினால் கணக்கு அப்படியே பொருந்தும். சுவர் இல்லாமல் 1 மீட்டர் உயரத்துக்கு 1.5 மீட்டர் சரிவு விட்டு, அந்தச் சரிவை மனைக்குள்ளேயே அடக்கினால், தெற்கு ஓரத்தில் மட்டும் 8 கன மீட்டர் அளவுக்கு நிரப்பு குறையும். அந்த மூலையில் ஒன்றரை மீட்டருக்கு மேல் சமதளமும் போகும். மழையில் மண் பக்கத்து மனைக்கு இறங்காமல் இருக்க சரிவின் அடியில் வடிகாலும் வேண்டும். சுவரா சரிவா என்பதை மட்டம் முடிவு செய்வதற்கு முன்பே தீர்மானியுங்கள்.

மனை தண்ணீர் மட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மழைநீர் வடிய 100-க்கு 1 சரிவு விடுவது நல்லது. செவ்வக மனையில் நடுப்புள்ளியை அதே மட்டத்தில் வைத்து, வடக்கு ஓரத்தை 10 சென்டிமீட்டர் உயர்த்தி, தெற்கு ஓரத்தை 10 சென்டிமீட்டர் தாழ்த்தினால், மொத்தத்தில் வெட்டுக்கும் நிரப்புக்கும் உள்ள வித்தியாசம் மாறாது. இயற்கைச் சரிவின் திசையிலேயே சாய்ப்பதால் இரண்டும் குறையவே செய்யும். தென்கிழக்கு மூலையின் சுவரும் 10 சென்டிமீட்டர் தாழும். தண்ணீர் விழும் பக்கம் பொது வடிகாலோ சாலையோ இருந்தால் எங்கள் பரிந்துரை இதுதான்.

தரையில் குறித்துக் கொடுத்தல்

ஜேசிபி ஓட்டுநருக்கு அட்டவணை பயன்படாது. அவருக்கு வேண்டியது இரண்டு: எங்கே வெட்டு முடிந்து நிரப்பு தொடங்குகிறது, ஒவ்வொரு முளையிலும் எவ்வளவு.

வெட்டும் நிரப்பும் சந்திக்கும் கோட்டை, குறி மாறும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே விகிதம் போட்டுக் கண்டுபிடிக்கலாம். 100.785 மட்டத்துக்கு ஆ1-இல் வெட்டு 0.315, இ1-இல் நிரப்பு 0.235. கோடு ஆ1-இலிருந்து 10 × 0.315 ÷ 0.55 = 5.73 மீட்டரில் கடக்கும். இதே வழியில் ஆ2-இலிருந்து தெற்கே 2.30, ஆ2-இலிருந்து கிழக்கே 7.67, அ3-இலிருந்து தெற்கே 9.22, அ4-இலிருந்து தெற்கே 4.82 மீட்டர். இந்த ஐந்து இடங்களையும் சேர்த்துச் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுங்கள். வடக்கே வெட்டு, தெற்கே நிரப்பு என்று பார்த்தவுடன் புரியும்.

முளைகளில் சென்டிமீட்டரில் எழுதுங்கள்: அ1-இல் "வெ 81.5", இ4-இல் "நி 108.5". வெட்டுப் பக்கத்து முளைகள் முதல் அரை மணி நேரத்தில் காணாமல் போகும். ஆகவே ஒவ்வொரு வரிசையின் நீட்சியிலும் எல்லைக்கு வெளியே 2 மீட்டர் தள்ளி ஒரு துணை முளை அடித்து வையுங்கள்.

நிரப்பை ஒரே மூச்சில் கொட்டக் கூடாது. 20 முதல் 25 சென்டிமீட்டர் உதிரி அடுக்காகப் பரப்பி, நனைத்து, ரோலர் ஓட்டி, பிறகு அடுத்த அடுக்கு. ஒரு மீட்டரை ஒன்றாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டினால் அடிமண் உதிரியாகவே நிற்கும். நிரப்பு சீக்கிரம் நிறைந்துவிடும், கணக்கை மீறி மண் மிஞ்சும். அப்படி மிஞ்சினால் மகிழாதீர்கள். அது இறுகாத நிரப்பின் அடையாளம், முதல் மழையில் இறங்கும். சரியாக இறுக்கியிருந்தாலும் வீட்டின் அஸ்திவாரத்தை நிரப்பின் மேல் நிறுத்தாமல், அதைத் தாண்டி இயற்கையான தரைக்குக் கொண்டுபோங்கள்.

ஜேசிபியை அனுப்புவதற்கு முன், அதே பெஞ்ச் மார்க்கிலிருந்து அதே பன்னிரண்டு இடங்களிலும் ஸ்டாஃபைப் படியுங்கள். துணை முளைகளுக்கு இடையே கயிறு கட்டினால் அந்த இடங்கள் திரும்பக் கிடைக்கும். பார்வைக்கோடு மறுபடி 102.350-இல் அமைந்தால், மனையைத் தட்டையாக விடும்போது எல்லா இடத்திலும் 1.565 வர வேண்டும். 3 சென்டிமீட்டர் முன்பின் இருந்தால் மண்வேலைக்கு அது பரவாயில்லை. எல்லாப் புள்ளியிலும் ஒரே பக்கமாக 3 சென்டிமீட்டர் வந்தால் அது 18 கன மீட்டர். இயந்திரம் அங்கேயே நிற்கும்போதே திருத்தச் சொல்லுங்கள்.